கூட்டுக் குடித்தனக் கணக்கு: சென்னைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

மின்வாரிய அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் படிப்பு முடிந்த கையோடு கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏறுகிறார்கள். வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ மூன்று பேராகச் சேர்ந்து வீடெடுக்கிறார்கள். அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கரண்ட் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறார்கள். சண்டை பெரும்பாலும் பணம் இல்லாததால் வருவதில்லை மக்களே. எப்படிப் பிரிப்பது என்று பில் வந்த பிறகு பேச ஆரம்பிப்பதால் வருகிறது.

பேச வசதியாக ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். இரண்டு படுக்கையறை, மூன்று பேர், வாடகை 24,000 ரூபாய். ஓர் அறை சின்னது. ஆனால் உள்ளேயே குளியலறையும் ஏ.சி.யும் உண்டு, அதில் ஒருவர். பெரிய அறையில் இரண்டு பேர், மின்விசிறி மட்டும்.

1. அட்வான்ஸ் யார் பணம் என்பதை முதல் நாளே எழுதுங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது என்கிறது அது. அந்த ‘வேறு உடன்பாடு’ என்ற வாசல் வழியாகத்தான் சென்னையில் ஐந்து மாதம், பத்து மாதம் என்று இன்னும் கேட்கிறார்கள். தொகை எதுவானாலும் யார் எவ்வளவு போட்டார் என்பது வாட்ஸ்அப் குழுவில் முதல் செய்தியாக நிற்கட்டும். நடுவில் ஒருவர் விலகினால் புதிதாக வருகிறவர் அவருடைய பங்கை நேராக அவரிடம் கொடுத்துவிட வேண்டும், உரிமையாளர் வரை போக வேண்டியதில்லை. காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது அங்கே பல வீடுகளில் வழக்கம். அதை அப்போது வீட்டில் இருக்கிறவர் தலையில் மட்டும் கட்டாதீர்கள். யார் எத்தனை மாதம் இருந்தார்களோ அந்த விகிதத்தில் பிரியுங்கள். இதையும் உள்ளே வரும்போதே பேசிவிடுங்கள். போகிறவரிடம் போகும் நாளில் பேச முடியாது.

2. வாடகையை ஏலம் போடுங்கள். சதுர அடியை அளந்து பிரிப்பது நியாயம் போலத் தெரியும், ஆனால் சின்ன அறையின் தனிமைக்கு எந்த அடிக்கோலும் கிடையாது. நம் ஊரில் ஏலச்சீட்டு பார்க்காத வீடு உண்டா? அதே மாதிரி செய்யலாம். எல்லாருக்கும் 8,000 என்று தொடங்குங்கள். ‘தனி அறை 8,500, யாருக்கு வேணும்?’ என்று கேளுங்கள். இரண்டு கை தூக்கினால் 9,000 ஆக்குங்கள். ஒரே கை நிற்கும் வரை ஐந்நூறு ஐந்நூறாக ஏறட்டும். 10,000இல் நின்றால் அவருக்கு 10,000, மற்ற இருவருக்கும் தலைக்கு 7,000. யாரும் யாருக்கும் சலுகை செய்யவில்லை. தனிமை வேண்டியவர் அதற்கு விலை கொடுத்தார், விட்டுக்கொடுத்தவர்களுக்கு மாதம் ஆயிரம் மிச்சம். சம்பளம் அதிகம் உள்ளவன்தானே எப்போதும் ஜெயிப்பான் என்று ஒரு பையன் கேட்டான். ஜெயிக்கட்டுமே. அவன் ஏற்றிய காசு மற்ற இருவரின் வாடகையில்தானே குறைகிறது. இந்த அறை வாடகைப் பங்கீட்டைப் பற்றி பிரான்சிஸ் சூ என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் 1999இல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம், கை தூக்கினால் போதும்.

3. வீடு பார்க்கும்போதே மீட்டரைப் பாருங்கள். உங்கள் வீட்டுக்கென்று தனி மின் இணைப்பு எண் இருக்கிறதா, அல்லது உரிமையாளரின் இணைப்பிலிருந்து சப் மீட்டர் வைத்துப் பிரித்திருக்கிறாரா? சப் மீட்டர் வீட்டில் பெரும்பாலும் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்வார்கள். அங்கே இலவச 100 யூனிட்டும் உங்களுக்கு வராது, குறைவாகச் செலவழித்தால் குறைந்த விலை என்பதும் கிடையாது. எட்டு ரூபாய் சொன்னால் 700 யூனிட்டுக்கு 5,600 ஆகும். அதே 700 யூனிட் தனி இணைப்பில் எவ்வளவு என்பதை அடுத்ததில் பாருங்கள். வாடகையில் ஐந்நூறு குறைவு என்று சப் மீட்டர் வீட்டுக்குப் போகிறவர்கள் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

4. ஏ.சி. உள்ள வீட்டில் கரண்ட் பில்லைச் சமமாக வகுக்காதீர்கள். இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். 2022 செப்டம்பரில் வந்த விகிதத்தைச் சொல்கிறேன், முழு எண்களாக இருப்பதால் மனக்கணக்குக்கு எளிது. 2024 ஜூலையில் எல்லாப் படியும் சற்று உயர்ந்தது. உங்கள் பில்லில் இருக்கும் விலையைப் போட்டு இதே வழியில் பாருங்கள்.

மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் நூறு இலவசம். இரண்டாவது நூறு 2.25 ரூபாய், அடுத்த இருநூறு 4.50, ஐந்தாவது நூறு 6 ரூபாய். கூட்டினால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 500ஐத் தாண்டினால் அந்த 2.25 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ஆகும். அதன் மேல் 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9 ரூபாய். ஆகவே 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். கவுன்டரில் எத்தனையோ பேர் இதைக் கேட்டு மீட்டரில் கோளாறு என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். மீட்டரில் ஒன்றும் இல்லை, படி அப்படி.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். வெயில் காலத்தில் பில் 700 யூனிட், 3,650 ரூபாய். ஏ.சி.யின் பிளக்கில் வைத்த சின்ன மீட்டர் 320 யூனிட் காட்டுகிறது. மூன்று வழியில் பிரிக்கலாம்.

சமமாக வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ 1,217. மின்விசிறிக்காரர்கள் ஏ.சி.க்குக் காசு கட்டுகிறார்கள்.

சராசரி விலையில் பிரித்தால், 3,650ஐ 700ஆல் வகுக்க யூனிட் 5.21 ரூபாய். ஏ.சி.க்கு 1,669, மீதி 1,981 மூவருக்கும் பொது. மின்விசிறிக்காரர் தலைக்கு 660. பெரும்பாலான பிள்ளைகள் இங்கே நிறுத்திவிட்டு நியாயமாகப் பிரித்துவிட்டோம் என்று நினைக்கிறார்கள்.

மூன்றாவது வழி: ஏ.சி. இல்லாவிட்டால் பில் எவ்வளவு வந்திருக்கும்? 380 யூனிட். முதல் நூறு இலவசம், அடுத்த நூறுக்கு 225, மீதி 180க்கு 810. மொத்தம் 1,035 ரூபாய்தான். அது மூவருக்கும் பொது, தலைக்கு 345. உண்மையான பில்லுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 2,615; அது ஏ.சி.க்காரருடையது. அவர் கட்ட வேண்டியது 2,960.

நான் இந்த மூன்றாவது வழியைத்தான் சொல்வேன். வீட்டை 500க்கு மேல் தூக்கியதும் எட்டு ரூபாய், ஒன்பது ரூபாய் படிக்குக் கொண்டுபோனதும் ஏ.சி. ஏ.சி.க்காரர் ஒரு வாதம் வைப்பார்: ‘ஃபிரிட்ஜும்தான் ஓடுது, என் யூனிட்டை மட்டும் ஏன் மேல் படியில வைக்கணும்?’ ஃபிரிட்ஜ், விளக்கு, மிக்சி எல்லாம் மூவருக்கும் பொது. அவை முதலில் வருகின்றன. ஒருவர் வசதிக்கானது அதற்கு மேல் உட்காருகிறது. இரண்டு அறையிலும் ஏ.சி. இருந்தால் அந்த வித்தியாசத் தொகையை இரண்டு ஏ.சி. மீட்டரின் யூனிட் விகிதத்தில் பிரிக்கலாம். 2,615 ரூபாய் அவருக்குக் கசந்தால் நடுவில் ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் வெயில் தொடங்கும் முன், மார்ச்சிலேயே.

5. மீட்டரை வாரம் ஒருமுறை போட்டோ எடுங்கள். 500ஐ அறுபது நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு எட்டு யூனிட் சொச்சம். வாரத்துக்கு 58க்கு மேல் ஓடினால் அந்தப் பில் 500ஐத் தாண்டப் போகிறது என்று அர்த்தம். மீட்டர் கணக்கெடுக்க வந்த தேதியிலிருந்து எண்ணுங்கள், ஒன்றாம் தேதியிலிருந்து அல்ல. ஏ.சி.க்கு மீட்டர் வாங்கும்போது 16 ஆம்பியர் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். சின்ன பிளக்குக்கானது சூடேறி உருகும்.

6. சமையலுக்கு மெஸ் கணக்கு. கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன், பாத்திரம் துலக்கும் சோப்பு இவை தலைக்குச் சமம். அரிசி, பருப்பு, எண்ணெய், காய் இவற்றை உண்ட வேளைக்குப் பிரியுங்கள், கல்லூரி விடுதியில் செய்வது போல. அடுப்படிக் கதவில் ஒரு காலண்டர் தொங்கட்டும். வீட்டில் சாப்பிட்ட வேளைக்கு அவரவர் ஒரு கோடு. மாதக் கடைசியில் செலவு 5,940, கோடுகள் 60, 48, 24 என்றால் மொத்தம் 132 வேளை, வேளைக்கு 45 ரூபாய். முறையே 2,700, 2,160, 1,080. இரவு வேலைக்குப் போகிற பையன் ஆபீஸ் கேன்டீனில் தின்றுவிட்டு வீட்டுச் சோற்றுக்கும் பணம் கட்ட வேண்டாம்.

மீனும் கறியும் தனிக் கணக்கு, தின்றவர் மட்டும் பிரிக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டிலிருந்து அம்மா தேங்காயும் தேங்காய் எண்ணெயும் கருவாடும் ஏத்தங்காய் சிப்ஸும் கட்டிக் கொடுத்துவிடுவாள். அதற்கு விலை போடாதீர்கள். ‘நான் பத்துத் தேங்காய் கொண்டு வந்தேனே’ என்று மாதக் கடைசியில் சொல்லவும் சொல்லாதீர்கள். விலை வேண்டுமென்றால் கொண்டு வந்த அன்றே கேட்டுவிட வேண்டும்.

செலவைப் பிரிக்க ஸ்பிளிட்வைஸ் மாதிரி ஆப் வைத்துக்கொள்ளலாம். கூட்டல் கழித்தலை அது செய்யும். எதைச் சமமாக, எதை வேளைக்கு என்று முடிவெடுப்பது உங்கள் வேலை.

7. விருந்தாளி மூன்று ராத்திரிக்கு மேல் தங்கினால் அவருக்கான கோடுகளை அழைத்தவர் பெயரில் போடுங்கள். ஒரு மாதத்தைத் தாண்டினால் அவர் விருந்தாளி இல்லை, வாடகையில் பங்கு கொடுக்க வேண்டிய ஆள். அதற்கு வீட்டு உரிமையாளரின் சம்மதமும் வேண்டும்.

8. விலகும் நாளில் மீட்டரைப் படம் எடுத்துக் குழுவில் போடுங்கள். பில் வர இன்னும் ஒரு மாதம் இருக்கும். வந்த பிறகு போனவரைத் தேட முடியாது. அதுவரை ஓடிய யூனிட்டைச் சென்ற பில்லின் சராசரி விலையால் பெருக்கி, அவர் பங்கை அட்வான்ஸ் திருப்பும்போதே கழித்துக்கொள்ளுங்கள். பில் வந்து பத்து இருபது ரூபாய் முன்பின் இருந்தால் விட்டுவிடலாம். இருநூறுக்கு மேல் வித்தியாசம் வந்தால் 500ஐத் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தாண்டியது அவர் போன பிறகு என்றால் அந்த வித்தியாசத்தை அவரிடம் கேட்கக் கூடாது.