மீதிப் பணம் யாருடையது?

கேள்வி: நூலகம் கட்ட வந்த 10 லட்சம் ரூபாய் நன்கொடையில் 6 லட்சம் செலவானது. மீதியிலிருந்து ஊழியர் சம்பளம் கொடுத்தோம். தணிக்கையாளர் ஏன் மறுக்கிறார்?

பதில்: அந்த 4 லட்சம் இன்னும் உங்கள் வருமானமே அல்ல, நூலகத்துக்கென்று கட்டுண்ட பணம். ஐந்தொகையில் அது பொறுப்பாக நிற்கும். மார்ச் 31 அன்று அறக்கட்டளையின் எல்லா வங்கிக் கணக்குகளிலும் சேர்த்து ஒன்றரை லட்சம்தான் இருந்தால், குறைந்தது இரண்டரை லட்சம் வேறெங்கோ போயிருக்கிறது. தணிக்கையாளர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

சம்பளத்தை நூலகச் செலவாக எழுதிவிடாதீர்கள். அது பொய்க்கணக்கு. பொது நிதியிலிருந்து பணத்தைத் திருப்பி வையுங்கள். முடியாவிட்டால் நன்கொடையாளரிடம் நடந்ததைச் சொல்லி எழுத்துபூர்வமாக ஒப்புதல் கேளுங்கள். பயன்பாட்டுச் சான்றிதழில் செலவு 6 லட்சம்தான். அதிலும், ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்து இன்னும் பில் வராத முன்பணம் இருந்தால் தனியாகக் காட்டுங்கள்.