பூட்டிய காம்பராவைத் திறந்த பிறகு

தோட்டங்களில் நலன்புரி உத்தியோகத்தராகவும் உதவி முகாமையாளராகவும் புதிதாகச் சேரும் தம்பி, தங்கச்சிமாருக்கு:

1. காம்பரா யாருடையது என்பதில் முதலில் தெளிவாகுங்கள். காணியும் கட்டடமும் தோட்டத்தின் கையில் இருப்பதால் கதவும் நம் கையில் என்று பலர் நினைக்கிறார்கள். வெளியேறும்படி நோட்டீஸ் கொடுத்த பிறகும் லயக் காம்பராவில் இருந்த செல்வநாயகம் என்பவர் மீது அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1950இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. உரிமைப் பத்திரத்தை வைத்து அங்கே தீர்க்கவில்லை. உண்மையில் அந்த அறையில் குடியிருந்தது யார் என்று பார்த்தார்கள். அவர்தான், தோட்டத்துரை அல்ல. வீட்டார் இல்லாதபோது கூரை பார்க்க உள்ளே போகும் தச்சருக்கு அவமதிக்கும் நோக்கம் இல்லாததால் குற்றவியல் சட்டம் அவரைப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் குடியிருப்பவரின் வாசல் மீறப்பட்டதுதான்.

2. மன்னிப்புக் கடிதம் எழுதுவதற்கு முன் நடந்ததை விசாரியுங்கள். அட்டன் பக்கத்தில் ஜூன் மழையில் அடிக்கடி வரும் நிலைமை ஒன்றை எடுத்துக்கொள்வோம். லயத்துக்கு ஒரே கூரை. மூன்றாம் காம்பராவில் ஒழுகினால் தகரம் விட்டிருப்பது நான்காம் காம்பராவுக்கு மேலே இருக்கும். நான்காம் வீட்டார் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருக்க, தச்சரும் உதவியாளரும் பூட்டுக் கொண்டியைக் கழற்றி உள்ளே போய்விடுகிறார்கள். இருவரையும் தனித்தனியே கேளுங்கள். எத்தனை மணிக்கு? யார் அனுப்பியது? எதை நகர்த்தினீர்கள்? போனில் படம் எடுத்தீர்களா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கூரையைப் பிடித்த படத்தில் கொடியில் காயும் துணியும் விழுந்திருக்கும். அது யாரோ ஒருவருடைய போனில் கிடக்கும்.

3. கடிதம் அன்று மாலையே போகட்டும், தமிழில், இப்படி:

“இன்று முற்பகல் 10 மணியளவில், நீங்கள் வேலையில் இருந்தபோது, எங்கள் தச்சரும் உதவியாளரும் உங்கள் பூட்டுக் கொண்டியைக் கழற்றி வீட்டுக்குள் போனார்கள். பக்கத்து வீட்டுக் கூரை ஒழுக்கைப் பார்ப்பதற்காகப் போனார்கள். உங்களிடம் கேட்கவில்லை. அனுப்பியது நிர்வாகம், பிழை எங்களுடையது. மன்னிப்புக் கேட்கிறோம். கட்டிலை நகர்த்தியதாகவும் வேறெதையும் தொடவில்லை என்றும் இருவரும் சொல்கிறார்கள். எடுத்த இரண்டு படங்களையும் உங்கள் முன்னால் அழிப்போம். கொண்டியை இன்றே சரிசெய்து தருகிறோம். கூரை வேலை இன்னும் முடியவில்லை. நீங்கள் சொல்லும் நாளில், நீங்கள் வீட்டில் இருக்கும்போது மட்டும் வருவோம்.”

கீழே முகாமையாளரின் பெயர், கையொப்பம், தொலைபேசி இலக்கம்.

“தொடவில்லை” என்று நீங்களே உறுதியாக எழுதாமல் “சொல்கிறார்கள்” என்று எழுதுவதைக் கவனியுங்கள். நீங்கள் அங்கே இருக்கவில்லை. பிறகு ஒரு பொருள் காணவில்லை என்று வந்தால், அந்த ஒரு வரியே வீட்டாரைப் பொய்யர் ஆக்கிவிடும்.

4. “ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்” என்று எழுதாதீர்கள். சிரமம் ஏற்பட்டதா என்ற சந்தேகத்தை அவர்கள் தலையில் வைக்கும் வரி அது. “உங்கள் நன்மைக்காகவே” என்பதும் வேண்டாம். கூரை யாருக்காக என்பதல்ல, கேட்காமல் நுழைந்ததுதான் இங்கே பேச்சு.

5. பிரட்டுக்களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்காதீர்கள், ஊரே பார்க்கும். அந்தியில், அவர்கள் முகம் கழுவித் தேத்தண்ணி குடித்த பிறகு, இஸ்தோப்புக்கு வெளியே நின்று கூப்பிடுங்கள். உள்ளே வரச் சொன்னால் மட்டும் போங்கள். வாசிக்கச் சிரமப்படும் அம்மா என்றால் மெதுவாக வாசித்துக் காட்டுங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீடானால் ஒரு பெண் உத்தியோகத்தர் கூட வரட்டும். கடிதம் கிடைத்ததற்கு மட்டும் கையொப்பம் கேட்கலாம். “முறைப்பாடு இல்லை” என்று எழுதி வாங்கவே கூடாது. நாளைக்குப் பெயர் போடுகிறவரின் முன்னால் தயங்காமல் மறுக்க எத்தனை பேரால் முடியும்?

6. பொருள் காணவில்லை என்றால் வாதாடாதீர்கள். அடகுச் சீட்டோ தோடோ, அவர்கள் சொல்வதைச் சொன்னபடி எழுதி ஒரு பிரதியை அவர்களிடமே கொடுங்கள். பொலிஸுக்குப் போவது அவர்கள் விருப்பம். தோட்டத் தலைவரைக் கொண்டு அதைத் தடுக்கப் பார்த்தால் மன்னிப்புக் கடிதம் வெறும் தாளாகிவிடும்.

7. திருத்தம் வேலை ஒழுங்கில் தெரிய வேண்டும். அடுத்த வாரத்திலிருந்து தச்சருக்குக் கொடுக்கும் வேலைத் துண்டில் “வீட்டாரிடம் கேட்டது யார், எப்போது, அவர்கள் சொன்ன நேரம்” என்ற இடம் இருக்கட்டும். அது நிரம்பாமல் ஏணி வெளியே போகக்கூடாது. பெரும்பாலோர் பகலில் மலையில் இருப்பதால், கேட்பது முந்தைய நாள் அந்தியில்தான் நடக்கும். ஆகவே சில திருத்த வேலைகள் ஞாயிறுக்குத் தள்ளிப்போகும், தச்சருக்கு மேலதிகக் கொடுப்பனவும் வரும். அதை முன்கூட்டியே முகாமையாளரிடம் பேசி ஒப்புதல் வாங்குங்கள்.

8. நெருப்பு, மின்கசிவு, மண்சரிவு அபாயம்: இவற்றுக்குக் காத்திருக்க முடியாது. அப்போதும் பக்கத்து வீட்டார் ஒருவரைச் சாட்சியாக நிறுத்தித் திறவுங்கள். கங்காணி மூலம் மலைக்கு உடனே ஆளனுப்புங்கள். ஒழுகும் கூரை இந்தப் பட்டியலில் இல்லை. ஒழுகுகிற இடத்தில் வாளி வைக்கப் பக்கத்து வீட்டாருக்கே தெரியும்.