மூன்று எண்கள், மூன்று முடிவுகள்

சுங்கை பெசாரில் படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருத்திக்கு அடிக்கடி களைப்பு ஏற்படுவதாகக் கொள்வோம். அவளது இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ஒரு லிட்டருக்கு ஃபெரிட்டின் 9 மைக்ரோகிராம், வைட்டமின் பி12 190 பிக்கோமோல், வைட்டமின் டி 38 நானோமோல் எனக் குறிக்கப்பட்டுள்ளது. ஹீமோகுளோபின் அளவு டெசிலிட்டருக்கு 11.2 கிராம். அவள் மூன்று வகை மாத்திரைகளையும் வாங்க வேண்டுமா?

முதலில் ஃபெரிட்டினைப் பார்ப்போம். இது உடலில் இரும்புச்சத்தைச் சேமித்து வைக்கும் புரதம். இதன் அளவு 15க்குக் குறைந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனவே, 9 என்பது தெளிவான பற்றாக்குறை. ஹீமோகுளோபினும் 12க்குக் கீழே இருப்பதால் இஃது இரத்தசோகை ஆகும்.

ஹீமோகுளோபின் அளவை மட்டும் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை உண்பது சரியன்று. தலசீமியா மரபணுவைக் கொண்டவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறையலாம். ஆனால், அவர்களின் ஃபெரிட்டின் பொதுவாகக் குறைவதில்லை. இரும்புச்சத்தும் அவர்களின் நிலையை மாற்றாது. மலேசியாவில் 2016இல் படிவம் நான்கு மாணவர்களுக்குத் தலசீமியா பரிசோதனை தொடங்கப்பட்டது. மேலும், காய்ச்சலின்போது ஃபெரிட்டின் உயர்ந்து, பற்றாக்குறையை மறைத்துவிடும். அவ்வேளையில் எடுத்த அறிக்கை சீராகத் தெரிந்தாலும், குணமான பின் மீண்டும் பரிசோதிப்பது நல்லது.

அடுத்தது வைட்டமின் பி12. பொதுவாக 148க்குக் குறைந்தால் பற்றாக்குறை. அதற்கு மேல் ஏறத்தாழ 220 வரை ஐயத்திற்குரிய நிலை. 190 என்ற எண் தனியாக முடிவைச் சொல்லாது. இவ்வைட்டமின் இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் உள்ளது; காய்கறிகளில் இல்லை. இவற்றுள் எதையும் உண்ணாதவருக்கு மாத்திரை தேவைப்படும். மாணவி மீனும் முட்டையும் உண்பவள் என்றால், கைகால் மரத்துப்போகிறதா என்று மருத்துவர் கேட்பார். தேவையானால் மறுபரிசோதனை செய்வார்.

வைட்டமின் டி 30க்குக் கீழே இருந்தால் பற்றாக்குறை. 50 பெரும்பாலோருக்குப் போதும். 38 இடைப்பட்ட நிலை. இங்கு அலகைக் கவனிக்க வேண்டும். இந்திய ஆய்வகம் இதே அளவை மில்லிலிட்டருக்கு 15.2 நானோகிராம் என அச்சிடக்கூடும், அதை 2.5ஆல் பெருக்கினால் 38 கிடைக்கும். அலகைப் பார்க்காமல் 15 என்று அஞ்சி அதிக அளவில் மாத்திரை உண்டால் இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

ஆகவே, இம்மாணவிக்கு உறுதியாகத் தேவைப்படுவது இரும்புச்சத்து மாத்திரை. அதனை மருத்துவர் கூறும் அளவில் உண்ண வேண்டும். தேநீருடன் சேர்த்து உண்டால் இரும்புச்சத்து சரியாக உட்கிரகிக்கப்படாது. மாதவிடாயில் மிகுந்த இரத்தப்போக்கு போன்ற காரணத்தையும் கண்டறிய வேண்டும். ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின் எடுக்கும் பரிசோதனையில் ஃபெரிட்டின் உயர்ந்திருந்தால் சிகிச்சை பலனளிக்கிறது எனலாம்.