ஒன்பதால் வகுக்க முடியாதபோது

கேள்வி: ஹில் மறையீட்டில் செய்தியைத் திரும்பப் பெற நேர்மாறு அணி கண்டால் பின்னங்கள் வருகின்றன. என்ன செய்வது?

பதில்: லெஸ்டர் ஹில் 1929-இல் வெளியிட்ட இம்முறையில் A=0 முதல் Z=25 வரை எண்கள். எல்லாக் கணக்கும் 26-ஆல் வகுத்த மீதியில்தான் நடக்கும். அங்கே பின்னத்துக்கு இடமில்லை.

சாவி அணி இது என்போம்:

```
3  3
2  5
```

HI என்பது 7, 8. முதல் வரிசையால் பெருக்கினால் 21+24=45, மீதி 19. இரண்டாவதால் 14+40=54, மீதி 2. ஆக, TC என்று அனுப்புகிறோம்.

இனி நேர்மாறு. அணிக்கோவை 15−6=9. இந்த 9-ஆல் வகுத்தால்தான் பின்னம் வரும். வகுப்பதற்குப் பதில், 9-உடன் பெருக்கினால் மீதி 1 தரும் எண்ணைத் தேடுங்கள். 9×3=27, மீதி 1. எனவே 3-ஆல் பெருக்க வேண்டும்.

மூலைவிட்டத்தில் உள்ள 3, 5 இரண்டையும் இடம் மாற்றி, மற்ற இரண்டின் குறியை மாற்றி, எல்லாவற்றையும் 3-ஆல் பெருக்குங்கள். 15, −9, −6, 9 கிடைக்கும். குறை எண்களுடன் 26-ஐக் கூட்டினால்:

```
15  17
20   9
```

இதை 19, 2 மீது செலுத்தினால் 319, 398 வரும். மீதிகள் 7, 8. மீண்டும் HI.

அணிக்கோவை இரட்டை எண்ணாகவோ 13-இன் மடங்காகவோ இருந்தால் அந்த 'மீதி 1' எண் கிடைக்கவே கிடைக்காது. அப்படிப்பட்ட சாவியால் பூட்டலாம், திறக்க முடியாது. ஆகவே செய்தியை மறைப்பதற்கு முன்பே அணிக்கோவையைச் சரிபார்த்துவிடுங்கள்.