மேசையில் பதினைந்து காகிதங்கள்

கேள்வி: ஓசூர் சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர் வேலைக்கு ‘அசெஸ்மென்ட் சென்டர்’ என்று ஒருநாள் முழுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?

பதில்: பலரும் குழு விவாதத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். சறுக்குவதோ இன்-ட்ரே என்னும் மேசைக் காகிதப் பயிற்சியில். முக்கால் மணி நேரம், பதினைந்து காகிதங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தாளிலேயே பதில் எழுத உட்காராதீர்கள். முதல் பத்து நிமிடம் எல்லாவற்றையும் படியுங்கள். இரண்டாவது தாளில் கிரேன் ஆபரேட்டர் வெள்ளிக்கிழமை லீவு கேட்டிருப்பார். பதினொன்றாவதில் அதே வெள்ளிக்கிழமை அத்திப்பள்ளி வழியாக பெங்களூருக்கு லோடு போகவேண்டும் என்றிருக்கும். முதலில் லீவைக் கொடுத்துவிட்டவர் அங்கே மாட்டிக்கொள்வார். இடையில், பிரஸ் மெஷினில் கைக்காப்பு கழன்றிருப்பதாக ஒரு துண்டுச்சீட்டு. மேலதிகாரியின் ‘அவசரம்’ கடிதத்தையும் தள்ளிவைத்துவிட்டு, மெஷினை நிறுத்தச் சொல்லி முதலில் எழுதவேண்டியது இதற்குத்தான். ஒவ்வொன்றின் ஓரத்திலும் யாரிடம் ஒப்படைக்கிறீர்கள், எப்போதைக்குள், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாத காரணத்துக்கு மதிப்பெண் கிடையாது.

மதியம் நடிப்புப் பயிற்சியில் அந்த ஆபரேட்டரே எதிரே உட்காரலாம். விதிமுறையை ஒப்பிக்காமல், “எதுக்குப்பா லீவு?” என்று கேளுங்கள். கேட்டால்தான் சொல்லும்படி அவரிடம் ஒரு தகவலை வைத்திருப்பார்கள்: காலை மருத்துவமனை, மதியம் வந்துவிட முடியும் என்பதுபோல. லோடை மதியத்துக்குத் தள்ளலாமா என்று பேச வழி பிறந்துவிடும்.

குழு விவாதத்தில் கடிகாரத்தைப் பாருங்கள். பேசாதிருப்பவரைப் பேச அழையுங்கள். மூலையில் இருக்கும் மதிப்பீட்டாளர்கள் குறிப்பது யார் ஜெயித்தார் என்பதையல்ல, யார் என்ன செய்தார் என்பதை.