டீக்கடைக்குப் பரிசு அட்டை: லாபம் கரையாமல் போடுவது எப்படி?

நான்கைந்து கிளைகள் வைத்திருக்கும் டீக்கடைக்காரர்கள் வாடிக்கையாளரைப் பிடித்து வைக்க முதலில் யோசிப்பது ‘பத்து டீ குடித்தால் ஒரு டீ இலவசம்’ அட்டையைத்தான். பார்க்க எளிமையானது. ஆனால் லாபத்தை அதிகம் தின்பதும் அதுதான். அட்டை அச்சடிக்கும் முன் கீழே உள்ள ஐந்து படிகளையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

1. ஒரு டீயில் கையில் நிற்பது எவ்வளவு?

டீ விலை 15 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பால் 4.50, டீத்தூள் 1.10, சர்க்கரை 50 காசு, கேஸ் 1 ரூபாய், பேப்பர் கப் 90 காசு. மொத்தம் 8 ரூபாய். வாடகையும் சம்பளமும் ஒரு டீ கூடினாலும் குறைந்தாலும் மாறாது என்பதால் அவற்றை இங்கே சேர்க்க வேண்டாம். ஆக, டீக்கு 7 ரூபாய் நிற்கிறது. உங்கள் கடைக் கணக்கை இதே முறையில் எழுதிக்கொள்ளுங்கள்.

2. பரிசு எந்த விற்பனையைத் தின்னும்?

மாதம் 22 டீ குடிக்கும் ஒருவர் அட்டை இல்லாமலேயே 154 ரூபாய் தருகிறார். இலவச டீ அட்டை கொடுத்தால் 20 டீக்குக் காசு தருவார், இரண்டை இலவசமாகக் குடிப்பார். 140 ரூபாயில் அந்த இரண்டு டீயின் செலவு 16 போக, மிச்சம் 124. அந்த இரண்டு டீயையும் அவர் எப்படியும் காசு கொடுத்துக் குடித்திருப்பார். அதனால் இலவச டீயில் நீங்கள் இழப்பது 8 ரூபாய் அல்ல, முழு 15 ரூபாய். பழைய 154-ஐ எட்ட அவர் மாதம் 27, 28 டீ குடிக்க வேண்டும்.

இப்போது பரிசை மாற்றுங்கள். பத்து முத்திரைக்கு ஒரு மசால் வடை. விற்பனை விலை 12, செய்யும் செலவு 5. வடை வாங்கும் பழக்கம் இல்லாதவருக்குக் கொடுத்தால் உங்களுக்குப் போவது 5 ரூபாய்தான். 22 டீக்கும் காசு வந்துவிடும். மாதம் இரண்டு டீ கூடுதலாகக் குடித்தாலே கணக்கு நேராகிவிடும்.

ஆனால் தினமும் வடை வாங்குபவருக்கு வடையைக் கொடுத்தால் அங்கே 12 ரூபாய் போகும். எனவே டீயுடன் சேர்த்துக் குறைவாக விற்கும், கடையிலேயே செய்யும் பலகாரத்தைத் தேர்ந்தெடுங்கள். எது என்பதை பில் மிஷினில் ஒரு மாத விற்பனையைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

3. நேரத்தையும் கெடுவையும் வையுங்கள்

பரிசைக் கூட்டம் குறைந்த நேரத்தில் மட்டும், ஒரு டீ வாங்கினால் கொடுங்கள். பல கடைகளில் அது மதியம் 12 முதல் 3 வரை. உங்கள் கிளையில் எப்போது என்பதை டோக்கன் எண்ணிக்கை சொல்லும். காலை நெரிசலில் கல்லாவில் அட்டை பார்க்கும் வேலையும் இதனால் குறையும்.

அட்டைக்கு 30 நாள் கெடு போதும். தினமும் வருபவர் எப்படியும் நிரப்பிவிடுவார். வாரம் இரண்டு முறை வருபவரை மூன்றாவது முறை வரவழைப்பதே நோக்கம். பத்துக் கட்டத்துக்குப் பதில் பன்னிரண்டு கட்டம் அச்சடித்து, இரண்டில் முன்கூட்டியே முத்திரை குத்திக் கொடுங்கள். நூன்ஸ், ட்ரெஸ் ஆகிய இரு ஆய்வாளர்கள் கார் கழுவும் கடையில் இதைச் சோதித்து 2006-இல் வெளியிட்டார்கள். எட்டுக் கட்ட அட்டையை 19 சதவீதம் பேர் நிரப்பினார்கள். இரண்டு முத்திரையுடன் தந்த பத்துக் கட்ட அட்டையை 34 சதவீதம் பேர் நிரப்பினார்கள். ஒரு வடைக்கு வாங்க வேண்டிய டீ அப்போதும் பத்துதான்.

4. கிளைகளுக்குள் கணக்கை நேர் செய்யுங்கள்

முத்திரை ஒரு கிளையில் விழும், வடை இன்னொரு கிளையில் போகும். பஸ் நிலையக் கிளைக்கே செலவு முழுவதும் வந்து சேர்ந்தால் அங்குள்ள மேலாளர் அட்டையைத் திருப்பி அனுப்பத் தொடங்குவார். இதற்கு ஒரு பொது நிதி வையுங்கள். முத்திரை குத்தும் கிளை ஒவ்வொரு முத்திரைக்கும் 50 காசு போடட்டும். வடை கொடுக்கும் கிளை நிதியிலிருந்து 5 ரூபாய் எடுத்துக்கொள்ளட்டும்.

பரிசு வடையையும் பூஜ்ய விலையில் பில் போட வேண்டும். நிரம்பிய அட்டையை வாங்கி வைக்க வேண்டும். அட்டைகளுக்கு வரிசை எண் இருக்கட்டும். இரவில் பூஜ்ய பில்லும் அட்டைகளும் ஒத்துப்போகாவிட்டால், கல்லாவில் தெரிந்தவர்களுக்கு வடை போகிறது என்று பொருள்.

5. இரண்டு கிளையில் எட்டு வாரம்

விற்பனை ஏறக்குறைய ஒன்றாக உள்ள நான்கு கிளைகளை எடுத்து, இரண்டில் மட்டும் அட்டை கொடுங்கள். மழையும் பள்ளி விடுமுறையும் நான்கையும் ஒரே மாதிரி பாதிக்கும் என்பதால் மிச்சமுள்ள வித்தியாசத்தைப் பெரும்பாலும் அட்டையின் கணக்கில் எழுதலாம். வாரந்தோறும் இரண்டு எண்களைப் பாருங்கள்: நாளுக்கு எத்தனை டீ, காசுக்கு விற்ற வடை எத்தனை. டீ கூடாமல் காசு வடை குறைந்தால் பரிசு உங்கள் விற்பனையையே தின்கிறது, பலகாரத்தை மாற்றுங்கள். கூடுதல் டீயை ஏழால் பெருக்கி, அதில் பரிசுச் செலவையும் அச்சுக்கூலியையும் கழித்த பிறகும் மிச்சம் இருந்தால் மட்டுமே மற்ற கிளைகளுக்குக் கொண்டு போங்கள்.