பருவத்துக்கேற்ற துணிமாற்றம்: எதை முதலில் மாற்றுவது?

சென்னை போன்ற கடலோர நகரத்து வீடுகளுக்குச் சித்திரை வெயிலும் ஐப்பசி மழையுமே முதன்மையான இரு பருவங்கள் என்பதால், திரைச்சீலை, படுக்கை விரிப்பு, குஷன் உறை ஆகியவற்றுள் எதை மாற்றுவது என்பதை அவ்விரண்டையும் கொண்டே முடிவு செய்யலாம்.

கோடையில் முதலிடம் திரைச்சீலைக்கே உரியது. அடர்நிறத் திரை வெயிலை உறிஞ்சிச் சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடுகிறது. வெளிர்நிறத் துணியோ ஒளியின் ஒரு பகுதியைக் கண்ணாடி வழியாகவே திருப்பி அனுப்புகிறது. எனினும் கண்ணாடியைக் கடந்து வந்துவிட்ட வெப்பத்தை உள்ளே தொங்கும் எந்தத் துணியும் முழுமையாகத் தடுக்காது என்பதால், மேற்குச் சன்னலின் திரையை நண்பகலுக்கு முன்பே மூடிவிடுவது துணியின் தேர்வுக்கு நிகரான பயன் தரும்.

இதற்குப் புதுத்துணி வேண்டியதில்லை. பலமுறை துவைத்து இனிச் சுருங்காத நிலையை அடைந்த வெளிர்நிறப் பருத்திச் சேலை ஒன்றே போதும். ஐந்தரை மீட்டர் நீளமும் 115 சென்டிமீட்டர் அகலமும் உள்ள சேலையிலிருந்து 165 சென்டிமீட்டர் நீளத்தில் இரு துண்டுகளை வெட்டி, மடிப்புக்கும் கம்பி நுழையும் இடத்துக்குமாகப் பதினைந்து சென்டிமீட்டரை ஒதுக்கினால், நான்கடி அகலச் சன்னலுக்கு ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு சோடித் திரை கிடைக்கும். இரண்டும் சேர்ந்து சன்னலைப் போல ஏறத்தாழ இருமடங்கு அகலம் இருப்பதால் கொசுவம் அழகாக விழும். ஒன்றரை மடங்குக்குக் குறைந்தால் திரை விறைப்பாகத் தட்டையாகவே தொங்கும். எஞ்சும் 220 சென்டிமீட்டர் துண்டை, ஒவ்வொன்றும் 43 சென்டிமீட்டருக்கு ஒரு மீட்டர் என வெட்டினால், நாற்பது சென்டிமீட்டர் குஷன்களுக்கு ஐந்து உறைகள் வரும். அவற்றின் பின்புறத்தில் துணி ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடிக்கொள்வதால் ஜிப்பும் தேவையில்லை. வெட்டுமுன் சேலையை ஆங்காங்கே இரு கட்டைவிரல்களாலும் இழுத்துப் பார்த்து, இழை பிரியும் இடத்தைத் தவிர்த்தல் வேண்டும்.

மழைக்காலத்தில் இந்த முதலிடம் மாறுகிறது. அப்போது கனத்த திரை ஈரத்தைப் பிடித்து நாற்றமடிக்கும் என்பதால் மெல்லிய கோடைத்திரையை அப்படியே விட்டுவிட்டு, படுக்கையைக் கவனிப்பதே தக்கது. அடிக்கடி துவைக்க வேண்டிய அடிவிரிப்பு விரைவில் உலரும் மெல்லிய பருத்தியாகவும், மேலே போர்த்துவது சென்னிமலைப் போர்வை போன்ற கனத்த கைத்தறியாகவும் இருந்தால், வெதுவெதுப்பும் கிடைக்கும்; கொடியில் நாட்கணக்கில் ஈரத்துணி தொங்கும் தொல்லையும் குறையும். குஷன் உறை உடலுக்குத் தரும் மாற்றம் சிறிதே என்றாலும், மங்கிய மழைநாளில் மஞ்சளோ அரக்கோ கண்ணுக்குத் தரும் மாற்றம் பெரிது; அடர்நிறச் சேலைத் துணி அதற்குப் பயன்படும்.

எடுத்துவைக்கும் துணிகளுக்குக் கஞ்சி போடுதல் ஆகாது. இராமபாணப் பூச்சி கஞ்சியைத் தேடி வந்து இழையையும் அரிக்கும்.